நான் படகில் விழவில்லை

கணவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று எனக்கும் தெரியும். இந்தக் கதையில் அவன் 'அவன்' தான். பதினொரு வருடம் 'இஞ்சாருங்கோ' என்று கூப்பிட்ட வாய் இது. போதும்.

நான் வளைகுடா நாட்டுக் கம்பெனி ஒன்றில் விமானப் பணிப்பெண். வருடத்தில் ஒரு மாதம் விடுமுறையில் திருகோணமலை அன்புவழிபுரத்து வீட்டுக்கு வருவேன். அந்த மாதத்திலேயே வருடாந்தப் பயிற்சிக்கும் படிப்பேன். பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தீயணைப்பு, கதவு திறப்பு, முதலுதவி, முரண்டு பிடிக்கும் பயணியை அடக்குவது எல்லாவற்றையும் மறுபடி செய்து காட்டித் தேறவேண்டும். அந்தத் தேர்ச்சியும் மருத்துவச் சான்றிதழும் லைசன்சும் மூன்றும் ஒன்றாகச் செல்லுபடியாக இருந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். ஒன்று போனாலும் தரைதான்.

வீட்டில் எனக்குப் பயிற்சி தந்தது அவன். குசினி மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக் கேள்வி கேட்பான். ஒரு சொல் பிசகினாலும் விடமாட்டான். விதிகள் என்னைவிட அவனுக்குத்தான் பாடம். காரணம் இருக்கிறது. இருபத்தொரு வயதில் விமானிப் பயிற்சியில் சேரப் போனவன். வணிக விமானிக்கான முதல் தர மருத்துவப் பரிசோதனையில், நிறப் புள்ளிகளுக்குள் இருந்த எண்களை வாசிக்க முடியவில்லை. விளக்குகளின் நிறம் சொல்லும் அடுத்த சோதனையிலும் விழுந்தான். அத்தோடு முடிந்தது. இப்போது சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை. பக்கத்துத் தளத்துப் பயிற்சி விமானம் தலைக்கு மேல் போனால் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பான். ஆரம்பத்தில் எனக்கு அது பாவமாக இருந்தது.

அந்தப் பின்னேரம் வீட்டு முன்கூடத்தில், பயணியை அடக்கும் பயிற்சி. உண்மையில் அதை இரண்டு பேர் சேர்ந்து செய்யவேண்டும். வீட்டில் நான் தனி. அவன் குடிகாரப் பயணி போலக் கதிரையில் இருந்து கத்துவான். பிறகு கையைப் பின்னால் தந்துவிடுவான். நான் வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டியால் மணிக்கட்டு இரண்டையும் கட்டுவேன். வருடா வருடம் இப்படித்தான். அன்று கட்டி முடித்த நேரம் அவனோடு வேலை செய்கிற இரண்டு பேர் படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள்.

"என்ன மச்சான், மனிசி விலங்கு போட்டிட்டா?" என்று ஒருவர் சிரித்தார்.

"பறக்கிற ஆள் எல்லே. நிலத்தில நிக்கிறவனைக் கட்டிப்போடத்தானே வேணும்" என்றார் மற்றவர்.

அவனும் சிரித்தான். என்னைவிடச் சத்தமாகச் சிரித்தான். கை கட்டுண்டபடியே நின்று அவர்களை வழியனுப்பினான். நான் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டியை வெட்டினேன். கை விடுபட்டதும் திரும்பி, விரித்த உள்ளங்கையால் என் இடது காதைப் பொத்தி அறைந்தான்.

கன்னத்தில் அல்ல. காதில். சரியாகக் காதில்.

தலைக்குள் ஏதோ கிழிந்தது. சத்தமெல்லாம் ஒரு பக்கம் அணைந்துபோய், அந்த இடத்தில் ஒரு கூவல் தொடங்கியது. தரை சரிந்தது. விழுந்த இடத்திலிருந்து பார்த்தேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. கணக்கைச் சரியாகச் செய்து முடித்தவன் மாதிரி நின்றான். விமானம் இறங்கும்போது காதில் அழுத்தம் ஏறுவது, காது பழுதானால் பறக்க விடமாட்டார்கள் என்பது, இதையெல்லாம் நானே அவனுக்குச் சந்தோசமாகச் சொன்ன நாட்கள் உண்டு. அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. விளங்கியதும் எனக்கு வெறி பிடித்தது.

பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி முகத்தில் அடித்தேன். முன்பல் ஒன்று உடைந்து தரையில் உருண்டது. அவன் என் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் அவன் கையைக் கடித்தேன். வாயில் உப்பும் இரத்தமும் கலந்து வந்தது, யாருடையது என்று தெரியவில்லை. இடுப்பில் உதைத்தான். கத்தரிக்கோல் என் கைக்கு எட்டிய தூரத்தில்தான் கிடந்தது. அதை நான் எடுக்கவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. எடுத்தால் குத்துவேன் என்று தெரிந்ததால். அது எனக்கே பயமாக இருந்தது.

இது முதல் முறை அல்ல. முந்தைய விடுமுறையில் அவன் கையை முறுக்கியதில் மணிக்கட்டு வீங்கியது. அதற்கு முந்தைய வருடம் படிக்கட்டில் தள்ளியதில் விலா எலும்பு வெடித்தது. இரண்டு முறையும் வேலைக்குத் திரும்பியதும் கம்பெனியின் விமான மருத்துவர் பார்த்தார். இரண்டு முறையும் படிவத்தில், 'ஊரில் படகில் ஏறும்போது வழுக்கி விழுந்தேன்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். 'நான் சொன்னது உண்மை, பொய் என்றால் லைசன்ஸ் பறிபோகும் என்று அறிவேன்' என்ற வரிக்குக் கீழேதான் அந்தக் கையெழுத்து. படகு என்ற சொல்லைத் தந்தவனும் அவன்தான். உப்புவெளிக் கடற்கரையில் சுற்றுலா வரும் வெள்ளைக்காரரே படகில் வழுக்கி விழுகிறார்கள், யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்றான்.

இந்த முறையும் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு அதைத்தான் சொன்னான்.

"படகில விழுந்தனான் எண்டு சொல்லு. வேற மாதிரி வாயைத் திறந்தா நான் உன்ர கம்பெனிக்கு எழுதுவன். ரெண்டு தரம் பொய் சொல்லிக் கையெழுத்து வைச்சிருக்கிறாய். உன்ர லைசன்ஸ் என்ர கையிலதான்."

மறுநாள் காலை இரத்தம் காய்ந்து காது தலையணையோடு ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் இருந்த பெண் டொக்டர் விளக்கை வைத்துக் காதுக்குள் பார்த்தார்.

"எப்பிடி நடந்தது?"

"படகில ஏறேக்க விழுந்தனான்."

டொக்டர் விளக்கை அணைத்தார். "பிள்ளை, சவ்வு கிழிஞ்சிருக்கு. படகில விழுந்தா இப்பிடிக் கிழியிறது குறைவு. உள்ளங்கையால அடிச்சாத்தான் இப்பிடி. நீங்கள் சொன்னா நான் இஞ்ச இருக்கிற பொலிசுக்கு அனுப்பலாம்."

"படகுதான் டொக்டர்."

அவர் நம்பவில்லை. கம்பெனிக்குத் தந்த மருத்துவக் கடிதத்தில் காரணத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டார். தண்ணீர் படக்கூடாது, இரண்டு மாதத்தில் தானாக மூடக்கூடும், மூடாவிட்டால் சத்திரசிகிச்சை என்றார். பயணியாக விமானத்தில் போகலாம், வேலை செய்ய ஏலாது என்றும் எழுதினார்.

வீட்டுக்குப் போகாமல் என் சினேகிதி வீட்டில் தங்கினேன். அங்கே படுத்திருந்து கள்ளத்தனமாகத்தான் யோசித்தேன். மருத்துவச் சான்றிதழில் இன்னும் ஏழு மாதம் இருந்தது. கிழிந்த சவ்வு விமானத்தில் வலிக்காது. ஓட்டை வழியே காற்று போய்வரும். ஆனால் உடலில் குறை வந்தது தெரிந்தால், சான்றிதழில் திகதி இருந்தாலும் வேலையில் ஏறக்கூடாது, அறிவிக்கவேண்டும் என்பது விதி. அறிவிக்காமல் விட்டால் யாருக்குத் தெரியும்? ஒன்றுதான் இடித்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் நீச்சல் தொட்டிப் பயிற்சி இந்த முறை இருந்தது. ஓட்டைக் காதுக்குள் குளிர்ந்த தண்ணீர் போனால் தலை சுற்றும். தொட்டியில் நான் மூழ்குவதை எல்லோரும் பார்ப்பார்கள். அதைவிட, விமானத்தில் இடது பக்கத்திலிருந்து ஒருவர் 'தீ' என்று கத்தினால் எனக்குக் கேட்காது. அதை நினைத்தபோதுதான் வெட்கம் வந்தது.

பயிற்சிக்கு நான்கு நாள் முன்பே வளைகுடாவுக்குப் பயணியாகப் போய், விமான மருத்துவர் முன் இருந்தேன். வயதான மனிதர். என் கோப்பைத் திறந்து வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்.

"மறுபடியும் படகா?"

ஓம் என்றால் மூன்றாவது பொய். இல்லை என்றால் முதல் இரண்டும் பொய் என்று நானே ஒப்புக்கொண்டது ஆகும். பதினொரு வருடம் காப்பாற்றி வைத்த லைசன்ஸ் அந்த மேசையில் கிடந்தது.

"இல்லை. என் கணவன் அடித்தான். முந்தைய இரண்டும் அவன்தான். நான் பொய் எழுதினேன்."

அவர் பேனையை வைத்தார். திட்டவில்லை. ஒரு வெள்ளைத் தாள் தந்து, எல்லாவற்றையும் என் கையால் எழுதச் சொன்னார். எழுதினேன். தற்காலிகமாகத் தகுதியற்றவள் என்று பதிந்தார். பயிற்சி தவறியது, அதன் காலமும் முடிந்தது. காது ஆறினாலும் மீள்தகுதிப் பயிற்சி எடுத்துத்தான் ஏறவேண்டும். பொய்க்கு விசாரணை இருந்தது.

விசாரணையில் ஒரு தாளை என் முன் வைத்தார்கள். நான் எழுதிக் கொடுத்து நான்கு நாளுக்குப் பிறகு வந்த மின்னஞ்சல். நான் வாய் திறந்துவிட்டது தெரியாமல், நான் வீட்டைவிட்டுப் போன கோபத்தில், சொன்னபடி எழுதிவிட்டான்.

அவன் எழுதியது அவனைப் போலவே இருந்தது. சுத்தமான ஆங்கிலம், விதி எண்கள், இலக்கமிட்ட பந்திகள். நான் பொய்க்காரி என்று நிரூபிக்கவேண்டுமே. அதனால் எல்லாவற்றையும் திகதியோடு எழுதியிருந்தான். விலா எலும்பு வெடித்தது படகில் அல்ல, வீட்டுப் படிக்கட்டில், தள்ளப்பட்டதால். மணிக்கட்டு வீங்கியது படகில் அல்ல, வலது கையை முறுக்கியதால். இடது காது, கணவனின் உள்ளங்கை அறை. கீழே பெயர், கணவன் என்ற உறவு, தொலைபேசி இலக்கம். ஒன்றைக்கூடப் பிழையாக எழுதவில்லை.

எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். லைசன்சைப் பறிக்கவில்லை. நான் முந்திக்கொண்டு சொன்னதைக் கணக்கில் எடுத்தார்கள். அந்த மின்னஞ்சலின் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அவன் என்னை நெருங்கக்கூடாது என்று திருகோணமலை நீதிமன்றத்தில் நான் பாதுகாப்புக் கட்டளை கேட்ட வழக்கில், அவன் உடைந்த பல்லைக் காட்டினான். நான் அடித்ததா என்று கேட்டார்கள். ஓம் என்றேன். கதிரையால் என்றும் சொன்னேன். பிறகு நீதவான் அந்தத் தாளை அவனிடம் கொடுக்கச் சொன்னார்.

"இது நீங்கள் எழுதினதா?"

அவன் வாசித்தான். முழுவதையும் வாசித்தான். ஒரு எழுத்துப் பிழை இருக்குமோ என்று பார்ப்பவன் மாதிரி வாசித்தான்.

"ஓம், ஐயா. நான்தான் எழுதினனான்."

"இதில இருக்கிறது உண்மையோ?"

நான் என் நல்ல காதை அந்தப் பக்கம் திருப்பினேன். அவன் என்னைப் பார்த்தான். பதினொரு வருடம் கேள்வி கேட்டு என் பிழைகளைத் திருத்தியவன். தான் எழுதியது பிழை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"ஒவ்வொரு சொல்லும் உண்மை" என்றான்.