முப்பத்தொரு பூஜ்யங்கள்

செம்பூரில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நான் டெஸ்டராக இருந்தேன். ஒரு கடையின் இணையப் பக்கம் திறக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது என் வேலை. என் ஸ்கிரிப்ட் அந்தப் பக்கத்தை ஐம்பது முறை திறக்கும். பிரௌசரே குறித்து வைத்திருக்கும் நேரக்கணக்கிலிருந்து, பக்கம் முழுதாக ஏறி முடிந்த நேரத்தைக் கேட்டு வாங்கி, சராசரி போடும்.

அந்தப் பக்கத்தை எழுதியவள் தாராவி லேபர் கேம்ப்பில் வளர்ந்த பெண். ஒப்பந்த வேலை. படங்கள் பாரமாக இருப்பதால் பக்கம் ஊர்கிறது, சரிசெய்யப் பத்து நாள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

என் ரிப்போர்ட்டில் சராசரி ஒரு நொடிக்குச் சற்று மேல்.

மாட்டுங்காக்காரரான எங்கள் மேனேஜர் அதை அவள் முன்னால் வைத்தார். "நம்பர் ஒண்ணு சொல்றது, நீ ஒண்ணு சொல்றே. நான் எதைம்மா நம்பறது?"

"எங்க வீட்டு போன்ல பாத்தேன் சார். படம் வாரதுக்குள்ள சாயா போட்டுக் குடிச்சு முடிச்சிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. வேலையை இழுத்தடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமையோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டைக்கூடப் பிரிக்காமல், ஐம்பது அளவுகளையும் வரிசையாகப் பார்த்தேன். முப்பத்தொன்று பூஜ்யம்.

காரணம் நான்தான். ஸ்கிரிப்ட் சீக்கிரம் முடியட்டும் என்று, படங்களுக்குக் காத்திருக்காமல் பக்கத்தின் எலும்புக்கூடு வந்ததுமே நேரத்தைப் படித்துவிட்டு மேலே போகும்படி மாற்றியிருந்தேன். பக்கம் ஏறி முடியாதவரை அந்த இடத்தில் பிரௌசர் பூஜ்யத்தைத்தான் வைத்திருக்கும். அதையும் ஓர் அளவாக எண்ணிச் சராசரியில் சேர்த்திருந்தேன். எந்தெந்த முறை பக்கம் அதிகம் இழுத்ததோ, அந்த முறையெல்லாம் மிக வேகமானதாகப் பதிவாகியிருந்தது.

பூஜ்யம் மாறும்வரை காத்திருந்து படிக்கும்படி திருத்தி மறுபடி ஓட்டினேன். ஏறக்குறைய ஐந்து நொடி.

மேனேஜரிடம் காட்டினேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "மெயில்ல போடு. அவளுக்கும் சேர்த்து அனுப்பு," என்றார். தப்பு என்னுடையது என்று எழுதி அனுப்பினேன். ஒப்பந்தம் நீண்டது, பத்து நாளும் கிடைத்தது.

மறுநாள் தெருவோரச் சாயாக் கடையில், எங்கள் டப்ரியில், அவளே வந்து பக்கத்தில் நின்றாள். கோபமாகக்கூட இல்லை, அலுத்துப் போயிருந்தாள்.

"ஏண்ணே, ஒரு பக்கம் பூஜ்யம் நொடியில எப்படித் தொறக்கும்? பாத்தப்போ ஒங்களுக்குத் தோணவே இல்லியா?"

தோன்றியது. முதல் நாளே இரண்டு மூன்று பூஜ்யங்கள் கண்ணில் பட்டன. அன்றைக்குத் தாராவி பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

"தோணிச்சும்மா," என்றேன்.

அவள் தம்ளரை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். அதன் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவில்லை.