அப்பாவுக்கா, பிள்ளைக்கா?

ரூபினி கொட்டாவி விடாமல் ஒரு பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. பாசிர் கூடாங்கில் ஒரு ஃபேக்டரியில் பல வருடம் ஷிப்டு வேலை செய்தவள். மகள் லோஷினி பிறந்தபின், அதே ஊரில் எங்கள் துணிக்கடைக்கு வேலைக்கு வந்தாள். சேலை மடிப்பதும் அவள்தான், கடையின் இன்ஸ்டாகிராமைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். நான் அதே கடையில் வேன் ஓட்டுகிறேன், மூட்டை தூக்குகிறேன்.

தீபாவளிக்கு முன்னாலேயே முதலாளி சுகுமாறன் அவளிடம் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவை கூட்டம் வரலன்னா இன்ஸ்டாகிராம் வேலைய வெளிய ஒரு கம்பெனிகிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் உனக்கு இங்க வேலை இருக்காதுலா."

வேலை இல்லையென்றால் மறுபடி ஃபேக்டரி பஸ்தான். மகள் எழும் முன்னே போய், அவள் தூங்கிய பின்னே வர வேண்டும். ரூபினி போனை எடுத்துக்கொண்டு சேலை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

தீபாவளிச் சலுகை இதுதான்: அம்மா சேலை எடுத்தால், அதே துணியில் தைத்த பிள்ளை உடுப்பு பாதி விலை. அதை உடனே சொல்லக்கூடாது, ஆளை இழுக்க வேண்டும் என்றார் முதலாளி. அவள் இன்ஸ்டாகிராமில் வரிசையாக நாலு ஸ்டோரி போட்டாள். முதலில் நாடா கட்டிய ஒரு பெட்டி. அடுத்து சேலைக்கரை மட்டும். மூன்றாவதில் ஓட்டுப் போடும் ஸ்டிக்கர்: 'பெட்டிக்குள்ளே யாருக்கு? அப்பாவுக்கா, பிள்ளைக்கா?' கடைசியில் நாளை மாலை பெட்டி திறக்கும் என்று நேரம் ஓடும் ஸ்டிக்கர்.

ஊகிக்கச் சொன்னாள் அவள். சனம் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை; எதற்கு ஓட்டு அதிகமோ அதற்குத்தான் சலுகை என்று நினைத்துவிட்டது. ஓட்டுப் போட்டதும் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மறுநாள் காலை பார்த்தால், அப்பா எண்பதைத் தாண்டி நிற்கிறார். கடை திறந்ததுமே ஒரு அக்கா வந்துவிட்டார்.

"அப்பாவுக்குத்தானே? அதான் நாங்க ஜெயிச்சிட்டோமே. சட்டைய காட்டுங்க."

"இன்னும் பெட்டி திறக்கலக்கா, சாயந்தரம்தான்."

"திறந்தா என்ன, திறக்கலன்னா என்ன? ஓட்டு ஓட்டுதான் மா."

அதற்குப் பின் இன்னும் நாலைந்து பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது.

"அலமாக், என்ன பண்ணி வச்சிருக்க? நான் தச்சு வச்சது பூரா பிள்ளைங்க உடுப்பு. அந்த எழுத்த மாத்து."

"போட்டத மாத்த முடியாது பாஸ். அழிச்சுட்டு புதுசாதான் போடணும். அழிச்சா ஓட்டும் போயிரும். பார்த்தவங்க நம்மள ஏமாத்துக்காரன்னு சொல்வாங்க."

"அப்ப நீயே பதில் சொல்லு அவங்களுக்கு."

ரூபினி கல்லாப் பக்கத்து நாற்காலியில் சாய்ந்தாள். போனை மேலே தள்ளி, ஓட்டுப் போட்டவர்கள் பெயரைப் பார்த்துக்கொண்டே போனாள். ஸ்டோரி போட்டவருக்குத்தான் அந்தப் பெயர்கள் தெரியுமாம். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

"தங்கராஜு அண்ணே, இத பாருங்க. அப்பாவுக்குப் போட்டதெல்லாம் பொம்பளைங்க. பிள்ளைக்குப் போட்டது யாருன்னு நினைக்கிறீங்க?"

"யாரு, பிள்ளைங்களா?"

"எல்லாம் அப்பாமாருங்க. என் வீட்டுக்காரரும் இருக்காரு."

அவள் வீட்டுக்காரன் ரூபேந்திரன் இன்னும் அதே ஃபேக்டரியில்தான் இருக்கிறான். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும்போது போட்டிருப்பான். தீபாவளிக்கு வீட்டில் எல்லோருக்கும் எடுத்த பிறகு மிச்சம் இருந்தால்தான் எங்களைப் போன்ற அப்பாமாருக்கு ஒரு சட்டை. என் வீட்டிலும் அதுதான் நடப்பு.

ரூபினி முதலாளியிடம் போனாள்.

"பாஸ், போன வருஷத்து ஜிப்பா மேல் மாடியில பெட்டியில கிடக்கு. பிள்ளை உடுப்பு பாதி விலை, அது அப்படியே இருக்கட்டும். அதோட அந்த ஜிப்பாவையும் பாதி விலைக்கு விடுங்க."

"அந்தப் பழசையா? எல்லாம் பெரிய சைஸ்."

"எடுக்கிறவங்க எடுக்கட்டும். கிடந்தா பூச்சிதான் அரிக்கும்."

முதலாளி அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் போனை வாங்கி அந்தப் பெயர்களைத் தானும் பார்த்தார். தாடையைச் சொறிந்துகொண்டார். "தங்கராஜு, பெட்டிய இறக்கு" என்றார். மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது. என் முட்டியைக் கேட்டால் அந்தப் பெட்டிகளின் கனத்தைச் சொல்லும்.

மாலையில் ரூபினி பெட்டி திறக்கும் ஸ்டோரியைப் போட்டாள். சுற்றி வளைத்து எழுதவில்லை. 'பெட்டியில் இருந்தது பிள்ளைக்கு. நீங்கள் கேட்டது அப்பாவுக்கு. போன வருட ஜிப்பாதான், அதுவும் பாதி விலை.' அவ்வளவே.

சனம் வந்தது. சட்டை கேட்டுத் திரும்பிப் போனவர்களும் வந்தார்கள். "பழசுன்னு சொல்லியே விக்கிறீங்களே" என்று சிரித்தபடி காலையில் வந்த அக்கா இரண்டு ஜிப்பா எடுத்தார். முதலாளி பாராட்டவில்லை, "பொங்கலுக்கு என்ன போடலாம்னு யோசி" என்று மட்டும் சொன்னார். வெளிக் கம்பெனிப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

கடை மூடும்போது ரூபினி ஒரு ஜிப்பாவை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் அகலம்.

"உங்க வீட்டுக்காரருக்கு இது தொளதொளன்னு இருக்கும் மா" என்றேன்.

"இருக்கட்டும்ணே. வேணாம்னு சொல்றதுக்குள்ள மாட்டி விட்டுடணும்" என்றாள், கொட்டாவி விட்டபடி.