எறிந்துவிட்ட ஈவு

கணக்கில் நான் கெட்டி என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அந்த நினைப்பு ஒரு வியாழக்கிழமை, இராமேஸ்வரம் விசைப்படகுச் சங்கத்தின் தகரக் கொட்டகையில், முப்பது பேர் முன்னால் இறங்கியது.

இராமநாதபுரம் பேருந்து நிலையத்துக்கு அருகே, ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் எங்கள் அலுவலகம். நானும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து சின்னச் சின்ன மென்பொருள் செய்து கொடுக்கிறோம். படகு எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று காட்டும் பதிவேடு வேண்டும் எனச் சங்கம் கேட்டது. சோதனைக்காக ஐந்து படகுகளில் ஒரு சிறிய கருவியைப் பொருத்தினோம். எஞ்சின் ஓடும்போது மட்டும் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். படகு கரைக்கு வந்ததும் சங்கத்துக் கணினி அதை வாங்கிப் பட்டியலாகக் காட்டும். அந்தப் பட்டியலைப் போடும் நிரலை எழுதியது நான்.

கருவி குறிப்பது கிரீன்விச் நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி கூடுதல். இதில் என்ன இருக்கிறது என்று ஒரு டீ ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். அலட்சியம் என்பது வேறொன்றும் இல்லை, இதுதான்.

சரிபார்க்க ஒரு படகின் டிரைவர் அண்ணன் வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, அதிகம் பேசமாட்டார். ஒரு வரியைக் காட்டி, "திங்கட்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு இந்த எடத்துல இருந்தீங்களாண்ணே?" என்றேன். திரையில் திங்கள், 02:00 என்று இருந்தது.

"ஆமாங்கம்மா, திங்கக்கிழம ராத்திரி ரெண்டு மணி. அங்கனதான் கெடந்தோம்" என்றார்.

எனக்கு மகிழ்ச்சி. சரி என்று குறித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

சில மாதங்கள் கழித்துப் பிரச்சினை வந்தது. அங்கே வாரத்தில் திங்கள், புதன், சனி என மூன்று நாள் விசைப்படகுகள் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்காரர்களுடையவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் வலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். திங்கள் காலை எடுக்கப் போனால் வலை பாதிக்கு மேல் கிழிந்து போயிருந்தது. ஏதோ விசைப்படகு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை சங்கத்தில் என் பட்டியலைப் பார்த்தார்கள். ஒரே ஒரு படகு மாட்டியது. திங்கள், 02:10, வலை கிடந்த அதே பக்கம். நான் சரிபார்க்கக் கூப்பிட்ட அந்த டிரைவர் அண்ணனின் படகு.

அவர் கடலுக்குப் போகும் அனுமதி டோக்கன் வாங்கிப் புறப்பட்டதே திங்கள் காலை ஏழு மணிக்கு. அதற்கு முன்பே திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போனார் என்று பேச்சானது. புதன்கிழமை அவர் படகுக்கு டோக்கன் இல்லை. மற்ற படகுகள் போக, அவருடையது மட்டும் கரையில் நின்றது. விசாரணையில் நிரூபணமானால் இனி அவரை எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். இதற்கெல்லாம் மேல், வலைக்காரர் அவருடைய சொந்த அக்காவின் கணவர்.

வியாழக்கிழமை என்னை வரச் சொன்னார்கள். பேருந்தில் பாம்பன் பாலம் தாண்டும்போதுகூட எனக்கு என் பட்டியல் மேல் சந்தேகம் இல்லை. பாவம் மனிதர், ஏன் இப்படிச் செய்தார் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

கொட்டகையில் டிரைவர் அண்ணன் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் மச்சான், அந்த வலைக்காரர், எதிர்ப்பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் பட்டியலை வாசித்து முடித்ததும் டிரைவர் அண்ணன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாங்க செவ்வாக்கெழம காலையிலதான் கர வந்தோம். அது எல்லாருக்கும் தெரியும். அப்ப திங்கக்கிழம ராத்திரி பன்னெண்டுக்கு மேல என் போட்டு எங்கன நின்னுச்சுன்னு காட்டுங்கம்மா."

காட்டலாமே என்று பட்டியலை உருட்டினேன். திங்கள் இரவு 23:50 வரை புள்ளிகள் இருந்தன. அதற்கு அடுத்த வரி செவ்வாய் காலை 05:30. நடுவில் ஒன்றுமே இல்லை. நடுக்கடலில் ஒரு படகு ஐந்தரை மணி நேரம் காணாமல் போயிருந்தது.

ஐந்தரை. கிரீன்விச் நேரத்தோடு நான் கூட்டிய அதே ஐந்தரை. கருவி தந்த மூலக் கோப்பைத் திறந்தேன். அதில் வரிகள் நேர வரிசையில் நிற்கும், இடைவெளியே இல்லை. கிரீன்விச் கணக்கில் திங்கள் 20:40. ஐந்தரையைக் கூட்டினால் 26:10. நாளுக்கு இருபத்து நான்கு மணிதானே, அதனால் இருபத்தாறை இருபத்து நான்கால் வகுத்து மீதியை எடுக்கச் சொல்லியிருந்தேன். மீதி இரண்டு. 02:10 சரி. ஆனால் வகுத்தால் மீதி மட்டுமா வரும்? ஈவு ஒன்று என்று வந்தது. அந்த ஒன்றுதான் அடுத்த நாள். அதைத் தேதியோடு கூட்டாமல் எறிந்துவிட்டேன். செவ்வாய் 02:10 என்று இருக்க வேண்டியது திங்கள் 02:10 ஆகி, வரிசைப்படுத்தியபோது படகு புறப்படுவதற்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

சரிபார்த்த அன்று ஏன் பிடிபடவில்லை என்பதும் அப்போது புரிந்தது. நம் ஊரில் விடியும்வரை அது முந்தின நாளின் ராத்திரிதான். அவர் திங்கள் ராத்திரி என்று சொன்னது செவ்வாய் அதிகாலையை. என் பிழையும் அவர் பேச்சும் ஒரே வார்த்தையில் பொருந்திப்போயின. தன்னை மாட்டிவிடப்போகும் பட்டியலுக்கு அவரே சாட்சி சொல்லியிருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். எல்லாவற்றையும் நிமிடமாக்கி, முந்நூற்று முப்பதைக் கூட்டி, ஆயிரத்து நானூற்று நாற்பதால் வகுத்தேன். மீதி நேரத்துக்கு, ஈவு தேதிக்கு. முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு முப்பத்திரண்டு என்று காட்டி இன்னொரு கூத்து நடக்காமல் இருக்க, நாள் கூட்டும் வேலையை நாட்காட்டி தெரிந்த நிரலிடமே விட்டேன். மறுபடி ஓட்டியதும் ஐந்தரை மணி ஓட்டை நிறைந்தது. திங்கள் காலை ஏழுக்கு முன்னால் ஒரு புள்ளியும் இல்லை.

எழுந்து நின்று, "தப்பு என்னோடது. இவரு ஞாயித்துக்கிழம ராத்திரி கடலுக்கே போகல" என்றேன். யாராவது திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருவரும் திட்டவில்லை.

"அப்ப என் வலைய இழுத்தது யாரு?" என்று மச்சான் கேட்டார்.

"தெரியலண்ணே. மத்த நாலு போட்டும் ஞாயிறு, திங்கள் ரெண்டு நாளும் ஓடல. கருவி இல்லாத போட்டுகள பத்தி இதுல ஒண்ணும் இல்ல."

மச்சான் டிரைவர் அண்ணனைப் பார்க்காமலேயே சொன்னார்: "ஞாயித்துக்கிழம ராத்திரி எங்க வீட்டுலதான சாப்புட்டுட்டுப் போன."

"ஆமா மச்சான். அக்காதான் சோறு போட்டுச்சு. கைய கழுவிட்டு நேரா போயி ஒன் வலைய அறுத்திருப்பேன்னு நீ நம்புனேல்ல."

மச்சான் மடியில் என் பட்டியல் இருந்தது, நான்காக மடித்து.

சனிக்கிழமை அவருக்கு டோக்கன் கொடுத்தார்கள். ஞாயிறு காலை கரைக்கு வந்ததும் எனக்குப் போன் செய்து, தேதி இப்போது சரியாக விழுகிறது என்று அவராகவே சொன்னார். அன்று ராத்திரி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவாரா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை.