ஒரு நம்பருக்கு ஒரு மெசேஜ்

எங்கள் மலைக்குச் செல்போன் டவர் வந்த மறுவருடம், வளப்பூர் நாடு என்ற மலைப்பகுதியில் ஒரு அறக்கட்டளை நடத்திய சின்ன ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அதனால் கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் உண்மை என்ற எண்ணம் என் ஊரில் எல்லோரையும்விட எனக்கே அதிகமாக இருந்தது.

ஊசிக்கும் மாத்திரைக்கும் தேதி மறந்துபோகிறவர்களுக்காக நான் ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தேன். தினமும் காலை ஏழு மணிக்கு அது தானாக ஓடும். அன்றைக்கு யார் யாருக்குத் தவணை என்று நோயாளிகள் பட்டியலில் பார்த்து, கம்ப்யூட்டரோடு கேபிளில் கட்டியிருந்த செல்போன் வழியாக அவரவர் நம்பருக்கு மெசேஜ் அனுப்பும். அப்போதைய போன்களில் தமிழ் தெரியாது. நோயாளியின் பெயரோடு 'Indru oosi' என்று ஆங்கில எழுத்தில்தான் போகும். செய்ததையெல்லாம் வரிவரியாக ஒரு லாக் ஃபைலில் எழுதிவைக்கும்.

ஒரு நாள் காலையில் மூன்று பேர் வந்தார்கள். நாய் கடித்த ஒரு பெண், அவள் புருஷன், அவர்கள் குக்கிராமத்தில் மளிகைக்கடை வைத்திருந்த பெரியவர். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் நாள் போட வேண்டிய மூன்றாவது ஊசி. அன்று ஒன்பதாம் நாள். முதல் இரண்டு ஊசிக்கும் சரியாக வந்தவள். மூன்றாம் நாள் ஊசிக்கு மெசேஜ் பார்த்துத்தான் வந்தாள். ஏழாம் நாளும் மெசேஜ் வரும் என்று காத்திருந்து இரண்டு நாள் போய்விட்டது.

சிஸ்டர் உடனே ஊசியைப் போட்டுவிட்டு, "இனி ஒன்னுகூடத் தவறக்கூடாதும்மா, நாய்க்கடி வெளையாட்டில்ல" என்று கத்தினார்.

"நாங்க தவறலீங்க சிஸ்டர்," என்றான் புருஷன். "மெசேஜு இந்த மாமன் போனுக்கு வரும். இவரு சொன்னாத்தான எங்களுக்குத் தெரியும்? சொல்லலை. போன வருசம் வரப்புச் சண்டையில எம்மேல இருக்கற காட்டத்த எம்பொண்டாட்டி உசுருல காட்டறாரு. சாயந்திரம் ஊருக்கூட்டம். அங்க வெச்சுக் கேக்கறேன்."

கடைக்காரர் முகம் கறுத்துவிட்டது. "வரலைடா மாப்ள. வந்திருந்தா காட்டுக்கே வந்து சொல்லியிருப்பனே. ஊருக்கூட்டத்துல எம்பேரைக் கெடுக்கோணும்னா கெடு. வரலை."

"தம்பி, உன் கம்ப்யூட்டரு என்ன சொல்லுதுன்னு பாரு," என்றார் சிஸ்டர்.

பார்த்தேன். ஏழாம் நாளுக்குரிய கடைசி வரி தெளிவாக இருந்தது: அனுப்ப வேண்டியவை ஒன்பது, முடிந்தவை ஒன்பது, பிழை பூஜ்யம்.

"போயிருக்குங்க," என்றேன். எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கே எரிச்சல் வருகிறது.

"கேட்டீங்களா? மெசினு பொய் சொல்லுமா?" என்று புருஷன் எழுந்தேவிட்டான்.

கடைக்காரர் மடியிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். "நீயே பாரு கண்ணு. நான் ஒன்னும் அழிக்கலை."

அந்த ஏழாம் நாள் காலை ஏழு மணிக்கு எங்கள் நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் இருந்தது. ஆனால் அது அதே ஊரில் வேறொரு வீட்டுக் குழந்தையின் தடுப்பூசிக்கானது.

"அது அவரு தங்கச்சி ஊடு," என்றான் புருஷன். "அவங்களுக்கு மட்டும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்காரு."

இப்படி ஆனதும் எனக்கே குழப்பம். ஒன்று வந்திருக்கிறது, மற்றது வரவில்லை. அழித்திருக்கலாம். அழிக்காமலும் இருக்கலாம். கடைசி வரியை மட்டும் நம்பிப் பயனில்லை, லாக்கை முழுவதும் படித்தாக வேண்டும்.

திறக்கப் போனபோது கரண்ட் போனது. சிஸ்டர் மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்; முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கரண்ட் வந்தது. வந்ததும் ஃபைலைத் திறந்தேன். ஒரு வருடத்து லாக், ஒரே ஃபைல். முக்கால்வாசி வரிகள் 'சிக்னல் இல்லை, மறுபடி முயற்சி' என்று அழுதுகொண்டிருந்தன. மழைக்காலத்தில் ஒரே மெசேஜுக்கு முப்பது வரி. இந்தக் குப்பையை எழுதியவனைப் பிடித்து உதைக்கலாம் என்று தோன்றியது. எழுதியவன் நான்தான்.

முதலில் பிழை என்று குறித்த வரிகளைத் தேடினேன். அன்று ஒன்றும் இல்லை. பிறகு அந்தப் பெண்ணின் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினேன். மூன்றாம் நாள்: அனுப்பியாயிற்று. ஏழாம் நாளில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து நின்றன. ஏழு மணி நாலு நொடி, குழந்தையின் பதிவு எண், கடைக்காரர் நம்பர், அனுப்பியாயிற்று. ஏழு மணி ஒன்பது நொடி, இந்தப் பெண்ணின் பதிவு எண், அதே நம்பர், 'ஸ்கிப்', அதாவது அனுப்பாமல் விட்டாயிற்று. பக்கத்தில் காரணம்: இந்த நம்பருக்கு இன்று போய்விட்டது.

அந்த இரண்டு வரிகளையும் மறுபடி படித்தேன்.

அந்த விதியை வைத்ததும் நான்தான். கரண்ட் போய் வந்தால் மெஷின் எழுந்ததும் புரோகிராம் முதலிலிருந்து ஓடும்படி செய்திருந்தேன். ஒருநாள் நாலு தடவை கரண்ட் போக, ஒரு வாத்தியாருக்கு ஒரே மெசேஜ் ஐந்து தடவை போய், அவர் சிஸ்டரைக் கூப்பிட்டுத் திட்டினார். அன்று கோபத்தில் ஒரு வரி சேர்த்தேன்: லாக்கில் இன்றைய தேதியில் இந்த நம்பர் இருந்தால் அனுப்பாதே. ஆளைப் பார்க்கவில்லை, நம்பரைத்தான் பார்த்தேன். போதாததற்கு, விட்டுவிட்டதையும் 'முடிந்தவை' கணக்கிலேயே கூட்டிவிட்டேன்.

ஆளுக்கொரு போன் இருக்கிற டவுனில் இது நடக்காது. எங்கள் மலையில் ஏழு வீட்டுக்கு ஒரு போன். கல்லூரி விண்ணப்பத்தில் நானே எங்கள் ஊர் டீக்கடை நம்பரைக் கொடுத்தவன். எழுதும்போது அது எங்கே போயிற்று? புத்தகத்தில் படித்ததுபோல் எழுதினேன், மலையில் வாழ்ந்ததுபோல் எழுதவில்லை.

"மெசேஜ் போகலீங்க," என்றேன். "என் தப்பு. பெரியவர் சொன்னது நெசம்."

திரையைக் காட்டி விளக்கினேன். புருஷன் நம்பவில்லை. "இப்பத்தான போச்சுன்ன? ஒருமணி நேரத்துல மாத்திப் பேசற. உன்னையும் கைக்குள்ள போட்டுக்கிட்டாரா?"

அந்தப் பெண் குறுக்கிட்டாள், "அந்தத் தம்பி தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்குது. பொய் சொல்றவன் அப்படிச் செய்வானா? நீங்க சும்மா இருங்க."

கடைக்காரர் போனை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "இங்க சொன்னாப் பத்தாது சாமி. காலையிலயே ஊரெல்லாம் சொல்லிட்டான். சாயந்திரம் நீ வந்து சொல்லோணும்."

விதியைத் திருத்தினேன்; இனி நம்பரோடு பதிவு எண்ணும், என்ன தவணை என்பதும் ஒன்றாக இருந்தால்தான் அனுப்பாமல் விடும், விட்டதைத் தனியாக எண்ணும். லாக்கில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு மதிய பஸ்ஸில் அவர்களோடு போனேன். பஸ்ஸில் புருஷன் முன்சீட்டில், கடைக்காரர் பின்சீட்டில். நடுவில் காகிதத்தோடு நான்.

கூட்டத்தில் இருபது பேர் இருந்திருப்பார்கள். காகிதத்தை விரித்தேன். ஆங்கிலம். யாரும் பார்க்கவில்லை. மடித்துவிட்டு, "ஒரே நம்பருக்கு ரெண்டு ஊட்டுச் சேதி வந்தா ஒன்னைத்தான் அனுப்புன்னு நான் எழுதி வெச்சுட்டனுங்க. பெரியவருக்கு அவங்க சேதி வரவே இல்லீங்க," என்றேன்.

"ஏனப்பா, நீயும் மலைக்காரன்தான? இது தெரியாதா?" என்றார் கூட்டத்துக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர். சிரித்தார்கள். நியாயமான கேள்வி.

எல்லோரும் புருஷனைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தபடி, "நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன் மாமா," என்றான்.

"வரப்புல சொன்னதையுமா?" என்றார் கடைக்காரர்.

"அது வேற," என்றான்.

கடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது வேறதான். பதினாலாம் நாளு ஊசி எப்பன்னு சொல்லு கண்ணு," என்று என்னைக் கேட்டு, மெசேஜை நம்பாமல் பக்கத்திலிருந்த தன் கடைச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டார்.