விர்ஜிலின் விண்ணப்பமும் பதினான்கு திருத்தங்களும்

விர்ஜில் ஒப்ரியா திமிஷோவாரா நகரில் ஒரே தொழிற்சாலையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தார். கார்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் இடம். அவர் இருந்தது சோதனைக்கூடத்தில். கருவியைச் சூட்டிலும் குளிரிலும் மாற்றி மாற்றி வாட்டி, எப்போது பழுதாகிறது என்று பார்த்து எழுதிவைப்பார். வீட்டிலும் அப்படித்தான். புதுக் கெட்டில் வாங்கினால் முதல் நாளே பத்து முறை கொதிக்கவைத்துப் பார்ப்பார்.

தனக்கென்று எதையும் கேட்காத மனிதர். அதனால்தான் அந்த அக்டோபர் மாதத் தொலைபேசி அழைப்பு அவருடைய மகள் லிஜியாவுக்கு விநோதமாக இருந்தது.

"எங்க டீம் மேனேஜர் சிபியூ ஊர்க் கிளைக்கு மாத்தலாகிப் போறாரு. அந்த இடத்துக்கு உள்ளேயே ஆள் எடுக்கறாங்க. நானும் விண்ணப்பம் போடலாம்னு இருக்கேன்."

"உங்களுக்கு எதுக்குப்பா? மெஷினை விட்டுட்டு மீட்டிங்கா உக்காந்துக்கிட்டு இருப்பீங்களா?"

"எனக்கு இது வேணும், லிஜியா."

'வேணும்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

சுயவிவரக் குறிப்போடு ஒரு மின்னஞ்சலும் கேட்டிருந்தார்கள். பொறியாளராக இருந்தவர் ஏன் ஆட்களை நடத்தும் வேலைக்கு வர விரும்புகிறார், அதற்கு அவர் அனுபவத்தில் உள்ள உதாரணங்கள் என்ன என்று அதில் எழுத வேண்டும். விர்ஜில் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதி, இருவரும் திருத்தக்கூடிய ஃபைலாக அவளுக்கு அனுப்பினார். "நீ பாத்துச் சொல்லு. நீ படிச்சவ."

அவரும் படித்தவர்தான். ஆனால் லிஜியா புகாரெஸ்டில் ஒரு வங்கியின் மென்பொருள் குழுவில் இருந்தாள். மற்றவர்கள் எழுதிய நிரலைப் படித்து, ஓரத்தில் குறிப்புப் போட்டுத் திருப்பி அனுப்புவதே அவளுக்குப் பாதி நாள் வேலை. அப்பாவின் கடிதத்தையும் அதே கையோடு திறந்தாள்.

இரண்டரைப் பக்கம் இருந்தது. நீளம் அதிகம், அந்த மட்டில் அவள் நினைத்தது சரி. உள்ளே கதை கதையாக இருந்தது. கொஸ்மின் என்ற பையனின் குழந்தை குறைமாதத்தில் பிறந்து ஏழு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தது. தினமும் தாமதமாக வந்தவனை நீக்கிவிடலாம் என்று பேச்சு. விர்ஜில் அவனுடைய காலை வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, மாலையில் தனியாகச் செய்யக்கூடிய வேலையை அவனுக்குப் பிரித்துக் கொடுத்தார். அந்த மாலைகளில் அவன் எழுதிய நிரல்தான் இப்போது கூடம் முழுக்க ஓடுகிறது. அடுத்தது, யார் கண்டுபிடித்த பழுது என்று சண்டை போட்டுப் பேசாமலிருந்த இரண்டு பெண்கள். கண்டுபிடித்தவரே வாடிக்கையாளர் முன் நின்று சொல்ல வேண்டும் என்று அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். மூன்றாவது, அவரே கவனிக்காமல் கையெழுத்திட்ட ஒரு சோதனை. அதைக் குழுவின் முன்னால் தன் தவறென்று ஒப்புக்கொண்டதையும், அதன்பின் மற்றவர்களும் தவறுகளை மறைக்காமல் சொல்லத் தொடங்கியதையும் எழுதியிருந்தார்.

லிஜியா பதினான்கு குறிப்புகள் போட்டாள். 'இது கதை. எடுக்கவும்.' 'சொந்தத் தவறை ஏன் சொல்ல வேண்டும்?' 'அளக்கக்கூடிய பலன் என்ன?' எடுக்கச் சொன்ன இடங்களுக்கு, அவருடைய சுயவிவரக் குறிப்பில் இருந்த எண்களை அவளே எழுதிக் கொடுத்தாள். சோதனை நேரம் ஒன்பது மணி நேரத்திலிருந்து மூன்றரை மணி நேரமாகக் குறைந்தது. திரும்பி வரும் பழுதுகள் நூற்றுக்கு இருபத்திரண்டு குறைந்தன. முக்கால் பக்கம். சுத்தமாக இருந்தது.

மறுநாள் காலை அவருடைய பதில்களுக்கான அறிவிப்புகள் வந்து குவிந்தன; முதலில் பார்த்தவற்றில் 'சரி' என்று இருந்தது. அவள் ரயிலில் நின்றுகொண்டே எல்லாக் குறிப்புகளையும் 'முடிந்தது' என்று தட்டி மூடினாள்.

"நேர்காணல்லயும் கதை சொல்லாதீங்கப்பா. நம்பரைச் சொல்லுங்க."

"சரிம்மா."

வேலை கிடைக்கவில்லை. மறுப்புக் கடிதத்தை அவளுக்கு அனுப்பி, மேலே ஒரே வரி எழுதியிருந்தார்: 'பரவாயில்லை, நல்ல அனுபவம்.' முன்கூட்டியே ஆளை முடிவு செய்திருப்பார்கள் என்று அவள் பதில் எழுதினாள். அவர் மறுபடி சோதனைக்கூடத்துச் சூட்டுப் பெட்டிகளுக்கே திரும்பினார். அந்த இடத்துக்கு வந்த இளைஞனுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

இரண்டு ஆண்டு கழித்து, பிப்ரவரியில், மாரடைப்பில் போய்விட்டார். ஐம்பத்தாறு வயது.

இறந்த நாற்பதாம் நாள் சாப்பாடு தேவாலயக் கூடத்தில் நடந்தது. தொழிற்சாலையிலிருந்து பதினோரு பேர் வந்திருந்தார்கள். கொஸ்மின், முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியைச் சுற்றி வேகவைத்த சர்மாலேவை முள்கரண்டியால் பிரித்துக்கொண்டே சொன்னான்: "விர்ஜில் அண்ணன் இருந்தா இதுல பத்தை எடுத்துத் தனியா வச்சு, எது முதல்ல பிரியுதுன்னு பாத்திருப்பாரு."

"பிரிஞ்சதை உனக்குத்தான் குடுத்திருப்பாரு," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எனக்கா? என் மகளுக்கு எடுத்து வச்சிருப்பாரு. அவ இப்ப ஸ்கூல் போறா, தெரியுமா?" சிரித்துக்கொண்டே சொன்னவன் சட்டென்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

லிஜியாவுக்கு அந்தக் குழந்தையைத் தெரியும். இரண்டாம் பத்தியிலிருந்து அவள் அழிக்கவைத்த குழந்தை.

எதிரே, விர்ஜிலை நேர்காணல் செய்த டுடோசே அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா மேடம்?" என்றாள் லிஜியா. "அப்பாவுக்கு ஏன் அந்த வேலையைக் குடுக்கல?"

டுடோசே தயங்கினார். "இன்னிக்கு எதுக்கும்மா அது?"

"சொல்லுங்க."

"அவரு மெயில்ல முழுக்க மெஷின்தான் இருந்துச்சு. ஒரு மனுஷன் பேரு கூட இல்ல. நான் இன்னொரு கட்டடத்துல இருந்து வந்தவ, அவரை எனக்குப் பழக்கமில்ல. நேர்லயும் கேட்டேன், நீங்க கைகொடுத்துத் தூக்கிவிட்ட ஒரு ஆளைப் பத்திச் சொல்லுங்கன்னு. வாயைத் திறந்தாரு. அப்புறம் கையில இருந்த தாளைப் பாத்துட்டு, சோதனை நேரம் மூணரை மணி நேரமா கொறஞ்சதுன்னாரு." நாப்கினை மடித்தார். "ரெண்டு தடவை கேட்டேம்மா. ரொம்ப நல்ல எஞ்சினியர், ஆளுங்களோட பழகற சுபாவம் இல்லன்னு எழுதிட்டேன். இன்னிக்கு இந்தப் பசங்க பேசறதைக் கேட்டா..."

இறந்தவருக்காகச் செய்யும் கோதுமை இனிப்பான கோலிவா நிறைந்த கிண்ணத்தை லிஜியா அவர் பக்கம் நகர்த்தினாள்.

அன்று மாலை அப்பாவின் மேசையில் உட்கார்ந்து அந்த ஃபைலைத் தேடித் திறந்தாள். பழைய வடிவம் அழியாமல் இருந்தது. இரண்டரைப் பக்கமும் படித்தாள். ஒரு பக்கமாகச் சுருக்கியிருக்கலாம். கொஸ்மினை வைத்து, மூன்றரை மணியை அவன் கதைக்குக் கீழே போட்டிருந்தால் போதும். அரை மணி நேர வேலை.

பிறகு மூடிய குறிப்புகளின் பட்டியலைத் திறந்தாள். பதிமூன்றில் 'சரி' என்று இருந்தது. கொஸ்மின் பத்திக்கு எதிரே அவள் கேட்டிருந்தாள்: 'அளக்கக்கூடிய பலன் என்ன?' அதன் கீழே அப்பாவின் பதில்.

'கொஸ்மின் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறான். இதையாவது வைத்துக்கொள்ளலாமா? வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.'

அதற்குக் கீழே: 'லிஜியா ஒப்ரியா, முடிந்தது. 8:12.' பதினோரு நிமிடம் கழித்து அவர் அந்தப் பத்தியை எடுத்திருந்தார்.

குறிப்பை மறுபடி திறக்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். 'வைத்துக்கொள்ளுங்கள்' என்று தட்டி அனுப்பினாள்.

சமையலறையில் ஒரு ஃபோன் அதிர்ந்தது. அம்மா அதைத் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.

"லிஜியா," என்று அங்கிருந்து குரல் வந்தது. "அப்பாவுக்கு ஏதோ வந்திருக்கு. என்னன்னு பாரு."