ஒற்றைக் கண்ணும் இரண்டு குண்டூசிகளும்

எங்கள் பெண்கள் கல்லூரியில் பௌதிகம் படிக்கலாம், ஆனால் செய்து பார்க்க ஆய்வுக்கூடம் கிடையாது. அதனால் சனிக்கிழமை காலைகளில் கியூர்பிப்பில் இருந்த ஓர் ஆண்கள் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தை எங்களுக்குத் திறந்துவிடுவார்கள். நான் ரோஸ் பெல்லிலிருந்து பஸ் பிடித்து வருவேன். கிளம்பும்போது வெயில் அடிக்கும். கியூர்பிப்பில் இறங்கும்போது மழை பெய்துகொண்டிருக்கும். அந்த ஊருக்கு மழை பெய்வதைத் தவிர வேறு வேலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் கரும்புத் தீவு சுதந்திரம் அடைவதற்கு நாலைந்து வருடங்களுக்கு முந்தைய கதை இது.

உயர்நிலைப் பரீட்சைக்குப் பௌதிகம் எடுத்தவர்கள் அந்த வருடம் ஆறே பெண்கள். கருவிகள் மூன்று செட்தான் இருந்தன. ஆகவே இரண்டிரண்டு பேராக வேலை செய்தோம். என் ஜோடி போ பசான் என்ற ஊரிலிருந்து வருவாள். அவள் குடும்பமும் தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். நான் தைப்பூசத்துக்குக் காவடி பார்க்கப் போவேன், அவள் ஞாயிறு பூசைக்குப் போவாள். இருவரும் பேசியது கிரியோல். இங்கே நான் அதைத் தமிழில் எழுதும்போது அவளுடைய சூட்டில் பாதி ஆறிப்போகிறது. அதற்கு என்ன செய்ய?

எங்களுக்குள் வேலைப் பங்கீடு தானாகவே அமைந்துவிட்டது. அவள் பார்ப்பாள், நான் எழுதுவேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அவளுடையது கோழி கிண்டியதுபோல் இருக்கும். வெளியே சொல்லிக்கொண்ட காரணம் அது. உண்மைக் காரணம் எனக்கு மட்டும்தான் தெரியும். ஏழு வயதில் கரும்புத் தோகை கிழித்து என் இடது கண் போய்விட்டது. வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும், வேறொன்றும் தெரியாது. பார்வைக்கு அந்தக் கண் மற்றதைப் போலவே இருந்ததால் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை. தெரியவிடவும் இல்லை. ஒற்றைக் கண்ணி என்று பெயர் வாங்குவதைவிட மண்டைக்கனம் பிடித்தவள் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். இரண்டாவது பெயர் தாராளமாகவே கிடைத்தது.

குண்டூசிப் பரிசோதனைகள் வந்தபோதுதான் எனக்குக் குலை நடுங்கியது. கண்ணாடிக்கு முன்னால் ஓர் ஊசியை நிறுத்தினால் அதன் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் எங்கேயோ நிற்கும். எங்கே என்று கண்டுபிடிக்க இன்னொரு ஊசியைப் பின்னால் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தித் தேட வேண்டும். தூரத்தை அளக்க இரண்டு கண்ணும் வேண்டும் என்று எனக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஒற்றைக் கண்ணால் ஊசியில் நூல்கூடக் கோக்க முடியாது என்று அம்மா அடிக்கடி அங்கலாய்ப்பாள். இதில் நான் எப்படி இரண்டு ஊசிகளின் தூரத்தை ஒப்பிடுவது? என் பெரிய பயமே பரீட்சைதான். அங்கே ஜோடி கிடையாது, ஒவ்வொருவரும் தனியாகச் செய்ய வேண்டும். பௌதிகம் தேறினால் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் எனக்கு ஆசிரியை வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வேலையை நம்பித்தான் வீடே உட்கார்ந்திருந்தது.

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இன்னைக்கு நான் எழுதறேன். நீ பாரு."

"உன் கையெழுத்த மிஸ்யே படிக்க மாட்டாரு." மிஸ்யே என்றால் எங்கள் ஆசிரியர்.

"அவரு படிக்கலேன்னா என் பாடு. கெத் தோமேம். நீயே பாரு."

தட்டிக்கழித்தேன். தலைவலி என்றேன். வெளிச்சம் போதவில்லை என்றேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் எனக்குக் கோபம் வந்து, அழுகையும் வந்து, அடக்கிய குரலில் கத்திவிட்டேன். "எனக்கு ஒரு கண்ணு தெரியாது. போதுமா?"

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். நான் எதிர்பார்த்தது பரிதாபம். அதற்குப் பதில் சொல்ல நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன்.

"அய்யோ, மக்கு! அங்க பாரு."

அடுத்த மேசைகளில் நான்கு பெண்கள் குனிந்திருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த இருவரும் ஒரு கண்ணை இறுக மூடியிருந்தார்கள். ஒருத்தி கைக்குட்டையால் பொத்தியே வைத்திருந்தாள்.

"ரெண்டு கண்ணால பார்த்தா ரெட்டை ரெட்டையாத் தெரியும். நாங்கெல்லாம் கஷ்டப்பட்டு ஒண்ண மூடறோம். உனக்கு அந்த வேலையும் இல்ல."

ஒரு வருடம் அதே அறையில் உட்கார்ந்திருந்தேன். நோட்டிலிருந்து தலை தூக்கி ஒருமுறைகூட நான் மற்றவர்களைப் பார்த்ததில்லை. பார்த்தால் என்னையும் பார்த்துவிடுவார்களே என்ற பயம்தான். என் முட்டாள்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

கண்ணாடிக்குள் முன் ஊசியின் பிம்பம் தெரிந்தது. கண்ணாடியின் விளிம்புக்கு மேலே, பின்னால் நின்ற தேடும் ஊசியின் மேல்பாதி தெரிந்தது. இரண்டும் ஒரே கோடாக நின்றன. "சேர்ந்துடுச்சு!" என்றேன்.

"சேரல. பூஸ் தோ லதெத்." தலையை ஆட்டு என்றாள்.

தலையை வலது பக்கம் சாய்த்தேன். கோடு உடைந்தது. பின்னால் நின்ற ஊசி என்னோடு வலது பக்கம் வந்தது, பிம்பம் இடது பக்கம் போனது. பஸ்ஸில் போகும்போது பக்கத்துக் கரும்பு பின்னால் ஓட, தூரத்து மலை கூடவே வருவதைப்போல. எது கூட வருகிறதோ அது தூரத்தில் இருக்கிறது. அப்படியானால் என் ஊசி பிம்பத்தைத் தாண்டி நிற்கிறது. கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்தேன். மறுபடி தலையை ஆட்டினேன். விலகல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். கடைசியில் எவ்வளவு ஆட்டினாலும் இரண்டும் ஒட்டிக்கொண்டே அசைந்தன. பாரலாக்ஸ் என்ற அந்த விலகல் போய்விட்டது. பிம்பம் எங்கே நிற்கிறதோ அங்கேயே என் ஊசியும் நின்றது. அளந்தால் முன் ஊசி கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவோ, பின் ஊசி அவ்வளவே பின்னால்.

இத்தனை காலம் நான் வழியில் நடந்ததும், கிணற்றடியில் குடம் வைத்ததும், பஸ் படியில் கால் வைத்ததும் இப்படித் தலையை லேசாக ஆட்டித்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்குப் பிறவிப் பழக்கம்போல் ஆகிவிட்டிருந்த ஒன்றைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்! அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவள் அவள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் பாதி நேரம் எழுதினாள், அந்தக் கிறுக்கலைப் படிக்க முடியாமல் மிஸ்யே இருவரையும் திட்டினார். என் கண்ணைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஆனாலும் என் கண்மேல் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஒன்று தெரிந்தால் அது நிஜமாகத்தான் தெரிகிறதா என்று சோதிப்பேன். ஊசியை எடுத்தால் பிம்பம் போகிறதா? கண்ணாடியை எடுத்தால் போகிறதா? அவளுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். "போலீஸ்காரி" என்று பெயர் வைத்தாள்.

பரீட்சை நாளில் மேசைமேல் ஒரு சமதளக் கண்ணாடி கிடந்தது. அதன்மேல் ஒரு குவிலென்ஸ், அதற்கு மேலே தாங்கியில் படுக்கையாக மாட்டிய ஒரு குண்டூசி. மேலிருந்து பார்த்தால் ஊசியின் பிம்பம் தலைகீழாகத் தெரியும். ஊசியை ஏற்றி இறக்கி, ஊசி முனையும் பிம்பத்தின் முனையும் பாரலாக்ஸ் இல்லாமல் தொடும்படி செய்தால், லென்ஸிலிருந்து அந்த உயரம்தான் குவியத்தூரம். முதலில் ஜன்னல் வழியாகத் தூரத்து மரம் ஒன்றைக் காகிதத்தில் விழவைத்து உத்தேசமாக அளந்துகொள்வது வழக்கம். அன்று ஜன்னலுக்கு வெளியே வெறும் மூட்டம்தான். மரமாவது, மண்ணாவது!

ஊசியை லென்ஸுக்குக் கிட்டத்தில் வைத்து மெல்ல ஏற்றினேன். பத்து சென்டிமீட்டரில் முனையோடு முனை வந்து தொட்டது. தலையை ஆட்டினேன், ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் மங்கல், ஆனால் கச்சிதம். மனம் துள்ளியது. எழுதப் பேனாவை எடுத்தவள் பழக்க தோஷத்தால் கீழே இருந்த கண்ணாடியை உருவிவிட்டு, லென்ஸைக் கறுப்பு மேசைமேல் வைத்துப் பார்த்தேன். கண்ணாடியின் கனம் அளவுக்கு ஊசியை இறக்கினேன். அந்த மங்கலான பிம்பம் அப்படியே இருந்தது.

கண்ணாடியே இல்லாமல் கண்ணாடியின் பிம்பம் எப்படி வரும்? அந்த வெளிச்சம் கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை, லென்ஸின் அடிப்பரப்பிலிருந்தே திரும்புகிறது. கண்ணாடியைத் திரும்ப வைத்து ஊசியை இன்னும் ஏற்றினேன். இருபதுக்குச் சற்று மேலே பளிச்சென்று இன்னொரு பிம்பம் வந்து தொட்டது. கண்ணாடியை உருவினேன், அது மறைந்தது. இதுதான்! நேரம் போய்விட்டிருந்தது. மற்ற அளவுகளை ஓட்டமாக எடுத்து முடித்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். "எவ்ளோ வந்துச்சு?"

"இருபது புள்ளி ஒண்ணு."

அவள் முகம் வெளுத்தது. "எனக்குப் பத்து."

நான் கண்ணாடியை உருவிப் பார்த்ததைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பல வருடம் யோசித்திருக்கிறேன்.

"நான் எடுத்துப் பார்க்கவே இல்ல," என்றாள். "எதுக்குப் பார்க்கணும்? நல்லாத்தானே தெரிஞ்சுது."

முடிவு வந்தபோது நான் தேறியிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தேன். அவள் அடுத்த வருடம் மறுபடி எழுதித் தேறினாள். இன்றுவரை என் வீட்டு அடுப்பு எரிந்ததற்கு அவளும் காரணம் என்று நான் நன்றியோடு சொல்வேன், அவள் அதைக் கேட்டால் மக்கு என்பாள்.

ஆனால் பரீட்சையன்று மாலை எங்கள் இருவருக்கும் இதெல்லாம் தெரியாது. போ பசானுக்கு எதிர்த்திசையில் போகும் என் பஸ்ஸில் அவளும் ஏறினாள். கொஞ்ச தூரம் வருகிறேன் என்றாள். காலியாகக் கிடந்த பஸ்ஸில் அவள் என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். என் கண்ணைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. சற்று நேரத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. தலையை ஒருமுறை திருப்பியிருந்தால் பார்த்திருப்பேன். ரோஸ் பெல் வரும்வரை நான் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.