அவர் தலையில் இருந்தது துண்டு

எங்கள் புகைப்படச் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் போட்டிக்கு வரும் படங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. பகலில் சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். மீதி நேரத்தில் இது.

போட்டியில் இரண்டு பிரிவுகள். ஆவணப் பிரிவில், கேமரா பார்த்ததைத் தவிர வேறெதுவும் படத்தில் இருக்கக் கூடாது. ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தையும் நிறத்தையும் ஓரளவு சரி செய்யலாம். எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. படைப்புப் பிரிவில் பல படங்களை ஒட்டி ஒன்றாக்கலாம், ஏஐ உருவாக்கிய பகுதியும் இருக்கலாம். ஆனால் எது அப்படி வந்தது என்று அனுப்பும்போதே எழுதித் தர வேண்டும். கண்காட்சியில் படத்துக்குக் கீழே அதை அச்சிட்டு வைப்போம். பரிசுக்குத் தேர்வாகும் படங்களுக்கு மூலக் கோப்பு கேட்போம். ரா ஃபைல் என்போமே, கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் கோப்பு, அது.

ஒரு வருடம் ஆவணப் பிரிவில் ஒரு படம் வந்தது. கொட்டும் மழை, சிக்னலில் நிற்கும் லாரி, பின்னால் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே ஒடுங்கிய கட்டுமானத் தொழிலாளர்கள். ஓரத்தில் இருந்தவர் தலையில் கட்டு. கட்டில் ரத்தம் ஊறியிருந்தது. அவர் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவர்கள் மூவரும் திரும்பத் திரும்ப அதையே எடுத்துப் பார்த்தார்கள். முதல் பரிசு அதற்குத்தான் என்று முடிவானது.

எடுத்தவள் என் தோழி. காப்பீட்டு நிறுவனத்தில் வேலை, குவீன்ஸ்டவுனில் வீடு. பல ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு பேரும் சேர்ந்து கேமராவோடு அலைந்திருக்கிறோம். 'சேர்க்கவில்லை, நீக்கவில்லை' என்ற வரிக்கு எதிரே அவள் டிக் போட்டிருந்தாள்.

மூலக் கோப்பு வருவதற்குள் சங்கச் செயலாளர் அவசரப்பட்டுவிட்டார். இறுதிச் சுற்றுக்கு வந்த படங்கள் என்று சங்கத்தின் இணையப் பக்கத்தில் போட்டார். இரண்டே நாளில் அந்தப் படம் எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. காயம்பட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் வேலைக்கு ஏற்றிப் போகிறார்கள் என்று யார் யாரோ எழுதிப் பகிர்ந்தார்கள்.

நான் அவளுக்கு போன் செய்தேன். "ரா ஃபைல் அனுப்பு. அதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்ததும் சேர்த்து."

"அன்னிக்கு ஜேபெக்ல தான் எடுத்தேன், ரா ஃபைல் இல்ல" என்றாள்.

"நீ எப்ப ஜேபெக்ல எடுத்திருக்க?"

"தேடிப் பார்க்கிறேன் லா" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படத்தில் இருந்தவரே சங்கத்தைத் தேடி வந்தார். செராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் அறை. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நாற்பது வயது இருக்கும். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. தலையைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

"அக்கா, அந்த போட்டோவ எடுத்துருங்கக்கா" என்றார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அது துண்டுக்கா. மழை பேஞ்சுச்சுன்னு தலைல கட்டிருந்தேன். ஊர்ல வீட்டுக்காரி பாத்துட்டு ரெண்டு நாளா அழுவுறா. நான் நல்லாருக்கேன்னு வீடியோ கால்ல காட்டுறேன், பழைய வீடியோவ போடுறியான்னு கேக்குறா. கம்பெனில வேற, எங்க அடிபட்ட, ஏன் சொல்லல, யாருக்கு போஸ் குடுத்தன்னு கேக்குறாங்க. எனக்கு எந்த போட்டோவும் தெரியாதுக்கா. லாரி நின்னுச்சு, ஒரு அம்மா கேமரா வச்சிருந்தாங்க, பாத்தேன். அவ்ளோதான்."

அவர் முன்னாலேயே செயலாளரை அழைத்துப் படத்தை நீக்கச் சொன்னேன். நீக்கினார். அதற்குள் வேறு பக்கங்களில் அது எத்தனையோ முறை ஏறியிருந்தது. அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "எடுத்தாச்சு, எங்க பக்கத்துல எடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னேன். நம்பரை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாலை தோழி மூலக் கோப்போடு கடைக்கே வந்தாள். பின்னறையில் லேப்டாப்பில் திறந்தோம். அதே மழை, அதே லாரி, அதே பார்வை. தலையில் நனைந்த வெள்ளைத் துண்டு, முடிச்சு காதுக்குப் பின்னால். ரத்தம் இல்லை. துண்டு இருந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, மென்பொருளிடம் நாலைந்து வார்த்தை எழுதியிருக்கிறாள். அது கட்டு போட்டுக் கொடுத்திருக்கிறது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"போன வருஷம் ஒரு வொர்க்கரோட கிளெய்முக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைல இப்படித்தான் கட்டு. யாரும் பார்க்க வரல. அங்க கேமராவ எடுக்க எனக்கு மனசு வரல. ஆனா அது நடந்தது. நான் பொய் சொல்லல."

"நடந்தது அவருக்கு. நீ கட்டு போட்டது இவருக்கு."

"ஏஐனு எழுதினா யாரு பார்ப்பா சொல்லு? எல்லாரும் தள்ளிட்டுப் போயிடுவாங்க."

"படைப்புப் பிரிவுல போட்டு, கட்டு நான் போட்டதுன்னு எழுதியிருந்தா, படத்துக்குக் கீழயே நாங்க போட்டிருப்போம். இவரோட பொண்டாட்டிகிட்ட அந்த வரிய காட்டியிருக்கலாம்."

படத்தில் இருந்தவருக்கு மனைவி இருப்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். அவர் வந்து போனதைச் சொன்னேன். அவள் அழவில்லை. லேப்டாப்பை மூடினாள், திரும்பத் திறந்தாள், துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழு கூடி படத்தைப் போட்டியிலிருந்து நீக்கியது. இப்போதாவது படைப்புப் பிரிவுக்கு மாற்றலாமே என்று ஒருவர் கேட்டார். முடியாது, தவறான உறுதிமொழியோடு வந்த படம் என்று நான்தான் சொன்னேன். படத்தில் உள்ள காயம் மென்பொருளால் சேர்க்கப்பட்டது, அவர் தலையில் இருந்தது மழைக்குக் கட்டிய துண்டு என்று சங்கத்தின் பக்கத்தில் ஆங்கிலத்தில் விளக்கம் போட்டோம். பதினைந்து பேர்கூட அதைப் பகிரவில்லை. சிலர் கம்பெனி மிரட்டி எழுத வைத்திருக்கிறது என்றார்கள்.

அவருடைய கம்பெனிக்குத் தோழி தானே நேரில் போனாள். மூலப் படத்தை அச்செடுத்து, தான் செய்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அடுத்த மாதம் அவருடைய வேலை பெர்மிட் முடிந்தது, கம்பெனி புதுப்பிக்கவில்லை. ஆள் குறைக்கிறோம் என்றார்கள். படம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த லாரியில் இருந்த மற்றவர்களுக்குப் புதுப்பித்தார்கள்.

தோழி சங்கத்தை விட்டு விலகினாள். நான் அழைத்தால் எடுப்பாள், இரண்டு வார்த்தை பேசுவாள். அவருக்கு வேறு வேலை தேடித் தர ஏஜெண்டுகளிடம் அலைந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, அவர் ஊருக்குத் திரும்பினார்.

படத்தைப் போட்டிருந்த பக்கங்களுக்கு நான் ஒவ்வொன்றாக எழுதினேன். சிலர் நீக்கினார்கள். பெரும்பாலோர் பதிலே போடவில்லை.

சென்ற மாதம் அவர் ஊரிலிருந்து பேசினார். கொத்து வேலைக்குப் போகிறாராம். குரலில் கோபம் எதுவும் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"கல்யாணம் காட்சின்னு போனா, அங்க அடிபட்டவன்தானன்னு கேட்டு தலையத் தடவிப் பாக்குறாங்கக்கா. துண்டுன்னு சொன்னா சிரிக்கிறாங்க. முதலாளி காசு குடுத்து வாய அடைச்சிட்டான்னு பேசிக்கிறாங்க. நீங்க போட்ட விளக்கம் இருக்குல்ல, அத தமிழ்ல எழுதி அனுப்புறீங்களா? போன்ல வச்சுக்கிறேன்."

அன்றே எழுதி அனுப்பினேன். மூலப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீலக் குறி வந்தது.